முந்திரி கம்பெனி மெஷின் ஏன் ஆள் மாற்றிப் போட்டது?

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி கம்பெனியில் என் சித்தி பதினைந்து வருடமாகப் பருப்பு தரம் பிரிக்கிறார். போன வருடம் அங்கே கையெழுத்து நோட்டை எடுத்துவிட்டு, முகத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் அட்டெண்டன்ஸ் மெஷினை மாட்டினார்கள். அடுத்த சம்பளத்துக்கே சித்தியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நான் போய் நின்னா வேற ஒரு அம்மா பேரு வருது. வேலைக்குப் போயும் மூணு நாள் ஆப்சென்ட் போட்டுட்டாங்க. நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளதானே, ஒரு தடவ வந்து பாரேன்."

கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, ஏழு மணிக்கு அங்கே போய் நின்றேன். மொத்தம் 180 பேர், எல்லாரும் பெண்கள். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள், வெயிலில் கறுத்த முகங்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக முகத்தைக் காட்டினார்கள். சிலருக்கு மெஷின் "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. சிலருக்கு வேறு ஒருவரின் பெயரைச் சொன்னது. இந்த இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் இவை இரண்டு தனித்தனித் தவறுகள். காரணமும் வேறு, மருந்தும் வேறு.

மெஷினுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். கேமரா எடுத்த படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கண்களும் மூக்கும் வாயும் குறிப்பிட்ட இடத்தில் வரும்படி படத்தைத் திருப்பி வெட்டும். வெட்டிய முகத்தை ஒரு நரம்பு வலைப்பின்னலுக்குள் அனுப்பினால், மறுபுறம் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசை வரும். பெரும்பாலும் 512 எண்கள். இதற்குப் பிறகு மெஷினுக்கு முகம் தேவையில்லை, அந்த எண் வரிசை போதும். ஏற்கெனவே சேமித்து வைத்த ஒவ்வொருவரின் வரிசையோடும் இதை ஒப்பிட்டு, எவ்வளவு நெருக்கம் என்று ஒரு மார்க் போடும். மார்க் ஒரு வரம்பைத் தாண்டினால் அதே ஆள், தாண்டாவிட்டால் வேறு ஆள். அந்த வரம்பை வைப்பது மனிதர்கள்தான். 180 பேருக்கும் ஒரே வரம்பு.

ஒருவரின் சொந்த மார்க் வரம்புக்குக் கீழே விழுந்தால் மெஷின் அவரைத் தெரியாது என்கிறது. அடுத்தவரின் மார்க் வரம்புக்கு மேலே ஏறினால் ஆள் மாற்றிப் போடுகிறது.

முதல் தவறுக்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். அந்த கம்பெனி வாசல் கிழக்கு பார்த்தது. மெஷினை உள்ளே, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மெஷின் முன் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் காலை வெயில் கண்ணைக் கூசுகிறது. கேமரா படம் முழுவதன் வெளிச்சத்தையும் சராசரி பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருப்பதால் அது வெளிச்சத்தைக் குறைக்கிறது, முகம் இருட்டில் மூழ்குகிறது. சித்தி நின்றபோது திரையைப் பார்த்தேன். தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் கண் எது, கன்னம் எது என்றே தெரியாத கறுப்பு.

இதே இடத்தில் சிவந்த நிறமுள்ள ஒருவர் நின்றிருந்தால் ஓரளவு தப்பியிருப்பார். கறுத்த தோல் குறைவான வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். சாதாரண டிஜிட்டல் படத்தில் இருட்டுக்கும் வெளுப்புக்கும் நடுவே 0 முதல் 255 வரை படிகள் உண்டு. நல்ல வெளிச்சத்தில் ஒரு முகம் நூறு படிகளுக்கு மேல் பரவி நிற்கும். கறுத்த முகம் எதிர்வெளிச்சத்தில் அடியில் உள்ள இருபது, முப்பது படிகளுக்குள் சுருங்கிவிடும். மூக்கின் நிழல், கன்ன எலும்பின் மேடு, கண்ணிமை மடிப்பு எல்லாம் அந்தச் சில படிகளுக்குள் அடங்க வேண்டும். அந்த இருட்டுப் படிகளில்தான் கேமராவின் இரைச்சலும் அதிகம், புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அது. இப்படி வரும் எண் வரிசை தன் சொந்தப் படத்தின் வரிசையிலிருந்தே விலகிப் போகிறது. மார்க் குறைகிறது.

இது தோலின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள ஒரு சோதனைக் கூடத்தில் 11 விதமான முகப்பதிவுக் கருவிகளை வைத்து ஒரே மக்களைப் பரிசோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். தோல் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பது மார்க்கைப் பாதித்தது. ஆனால் எவ்வளவு பாதித்தது என்பது கருவிக்குக் கருவி மாறியது. நன்றாகப் படம் பிடிக்கும் கருவியில் அந்த வித்தியாசம் மிகவும் குறைந்தது.

அப்படியானால் வெளிச்சத்தைச் சரிசெய்தால் ஆள் மாறாட்டமும் போய்விடுமா? போகாது. அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கியிருக்கிறீர்களா? கடல் பக்கம் பழக்கமில்லாத வெளியூர்க்காரர் ஒருவர், சாயல் ஒத்த இரண்டு வகை மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்று என்றுதான் சொல்வார். கூடை வைத்திருக்கும் அம்மா தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடுவார். கண் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த அம்மா ஆயிரக்கணக்கான முறை பார்த்து, எங்கே கவனிக்க வேண்டும் என்று பழகியிருக்கிறார். நரம்பு வலைப்பின்னலும் அப்படித்தான் பழகுகிறது. லட்சக்கணக்கான படங்களைக் காட்டி, வேறு வேறு ஆட்களின் எண் வரிசைகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லித் தருவார்கள். அது அதிகம் பார்த்த வகை முகங்கள் நன்றாக விலகி நிற்கும். குறைவாகப் பார்த்த முகங்கள் ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். அந்த மூலையில் யாரை யாரோடு ஒப்பிட்டாலும் மார்க் அதிகமாகத்தான் வரும்.

பழக்கிய படங்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த பிரபலங்களின் படங்கள். இந்தத் துறையில் பல வருடம் அளவுகோலாக இருந்த ஒரு பொதுத் தொகுப்பு 2007இல் வந்தது, 5,749 பேரின் 13,233 படங்கள் கொண்டது. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆண்கள், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெள்ளையர்கள். குழந்தைகளும் வயதானவர்களும் மிகக் குறைவு. முந்திரி தரம் பிரிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் முகம் அதில் எங்கே இருக்கப் போகிறது?

அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஸ்ட், 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைப் பெரிய அளவில் அளந்தது. 189 அல்காரிதங்கள், சுமார் 85 லட்சம் பேரின் 1.8 கோடிப் படங்கள். ஆள் மாற்றிப் போடும் தவறு கிழக்கு ஐரோப்பியர்களிடம் மிகக் குறைவு. ஆப்பிரிக்காவின் மேற்கு, கிழக்குப் பகுதி மக்களிடமும் கிழக்கு ஆசியர்களிடமும் மிக அதிகம், பல அல்காரிதங்களில் பத்து முதல் நூறு மடங்கு வரை. ஆண்களைவிடப் பெண்களிடமும், நடுவயதினரைவிட முதியவர்களிடமும் குழந்தைகளிடமும் அதிகம். இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த ஒரு விஷயம் உண்டு. சீனாவில் உருவாக்கப்பட்ட பல அல்காரிதங்களில் கிழக்கு ஆசிய முகங்களுக்குத் தவறு குறைவாக இருந்தது. முகங்கள் அதேதான், பழக்கிய இடம் மாறியதும் தவறும் மாறிவிட்டது. "அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள்" என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் தவறு என்று ஓர் எண் அடிக்கடி கண்ணில் படும். ஜாய் புலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் செய்த முக்கியமான ஆய்வு அது. ஆனால் அது முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருளைச் சோதித்தது. ஆளை அடையாளம் காண்பது வேறு வேலை, அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

சரி, நம் கம்பெனிக்கு வருவோம். விற்றவர் தந்த தாளில், ஒரு லட்சம் ஒப்பீட்டில் ஒன்றுதான் ஆள் மாறும் என்று போட்டிருந்தது. பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இப்படிப்பட்ட எண்ணைப் பெரும்பாலும் கண்டபடி ஜோடி சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். ஒரு கிழவரையும் ஓர் இளம்பெண்ணையும் ஒப்பிட்டு வேறு ஆள் என்று சொல்வது சுலபம், அந்தச் சுலபமான ஜோடிகள் சராசரியை அழகாக்கிவிடும். இங்கேயோ எல்லாரும் ஒரே பாலினம், ஏறக்குறைய ஒரே வயது, சுற்றுவட்டாரத்து ஊர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு காலையில் 180 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரையும் மற்ற 179 பேரோடு ஒப்பிட வேண்டும். மொத்தம் 32,220 ஒப்பீடுகள். லட்சத்தில் ஒன்று என்றால் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரு தவறான பெயர் வரம்பைத் தாண்டும். தவறு பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் தினமும் காலையில் மூன்று. சொந்த மார்க் நன்றாக இருந்தால் அதுவே முதலிடம் பிடித்துக் காப்பாற்றிவிடும். வெயில் சொந்த மார்க்கைக் கீழே தள்ளிய காலையில்தான் அடுத்தவர் பெயர் முன்னால் வருகிறது. சித்திக்கு நடந்தது இதுதான், இரண்டு தவறும் ஒன்று சேர்ந்துவிட்டன.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். "வரம்பை ஏத்தி வெச்சிடலாமா சார்?" என்று கேட்டார். ஏற்றினால் ஆள் மாறாட்டம் குறையும். ஆனால் இருட்டில் தெரியாத முகங்கள் இன்னும் அதிகமாக வெளியே நிற்கும். அதே பெண்கள்தான் மறுபடியும் மாட்டிக்கொள்வார்கள்.

அதனால் மூன்று வேலை செய்தோம். மெஷினைக் கழற்றி, வெயில் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி வடக்குச் சுவரில் மாட்டினோம். பழைய படங்களை ஆபீஸ் ட்யூப்லைட்டுக்குக் கீழே சாயங்காலம் எடுத்திருந்தார்கள். அவற்றை அழித்துவிட்டு, புதிய இடத்திலேயே காலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் இரண்டிரண்டு படம் எடுத்தோம். அப்புறம், முகம் காட்டுவதற்கு முன் தன் மூன்று இலக்க டோக்கன் நம்பரை அமுக்க வேண்டும் என்று மாற்றினோம். நம்பரை அமுக்கிவிட்டால் மெஷின் அந்த ஒருவரோடு மட்டும்தான் ஒப்பிடும். 32,220 ஒப்பீடு 180 ஆகிவிட்டது.

அடுத்து ஒரு சோதனை. நாற்பது பெண்களை, அடுத்தவர் நம்பரை அமுக்கித் தன் முகத்தைக் காட்டச் சொன்னோம். வயதும் சாயலும் ஒத்த ஜோடிகளாகவே பார்த்துச் சேர்த்தோம். ஒரு ஜோடியை மெஷின் ஏமாந்து ஏற்றுக்கொண்டது, அக்கா தங்கை. நாற்பதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் விற்றவர் தாளில் இல்லாத ஒரு விவரம் கம்பெனி கைக்கு வந்தது.

சித்தி பெயர் இப்போது சரியாக வருகிறது. அறுபத்தைந்து தாண்டிய ஒரு பாட்டியை மட்டும் வாரத்தில் ஓரிரு நாள் மெஷினுக்குத் தெரிவதில்லை. அவருக்காகப் பழைய கையெழுத்து நோட்டு மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறது. மெஷின் மறுத்தால் யாரும் அதில் கையெழுத்துப் போடலாம், அன்றைய சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.