வியர்வை உப்புக் கரிக்கிற பிள்ளைக்கு உப்பைக் குறைக்காதீர்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சோர்ந்துபோன பிள்ளைகள் எங்கள் வாட்டுக்கு வருவது வழக்கம்தான். ஆனால் போன கிழமை வந்த பத்து மாதக் குழந்தையைப் பார்த்தபோது கோபமே வந்துவிட்டது. கண் குழிந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. வயிற்றோட்டம் கிடையாது. இரத்தத்தில் உப்பின் இரு கூறுகளான சோடியம் 121, குளோரைட் 78, கூடவே பொட்டாசியம் 2.7, மூன்றும் மிகக் குறைவு. சிறுநீரில் குளோரைட் இல்லை என்றே சொல்லலாம், அதாவது உப்பு போனது சிறுநீரகம் வழியாக இல்லை.

"முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குது டொக்டர்" என்றார் தாய். அம்மம்மா அதைக் கேட்டு, உடம்பில் உப்பு கூடிவிட்டதென்று சோற்றில் உப்பை நிறுத்தி, வெறும் தண்ணீராகக் கொடுத்திருக்கிறார்.

தோலில் உப்புப் படிந்தால் உள்ளே உப்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்க வேண்டியது வெளியே போய்விட்டது என்று அர்த்தம். வியர்வைச் சுரப்பியின் அடியில் உருவாகும்போது வியர்வை இரத்தநீரைப் போலவே உப்பாகத்தான் இருக்கும். அது குழாய் வழியே மேலே வரும்போது, குழாய்ச் சுவரிலுள்ள சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைட் கால்வாய் குளோரைட்டை உள்ளே திரும்ப எடுக்கும், சோடியமும் கூடவே போகும். அந்தச் சுவர் தண்ணீரை அவ்வளவாக விடாது, அதனால் தண்ணீர் மட்டும் பெரும்பாலும் வெளியேறும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் இந்தக் கால்வாய் பழுது. உப்பு திரும்புவதில்லை.

இதில் பெரிய ஆபத்து, பிள்ளைக்குத் தாகம் சரியாக எடுக்காது. சாதாரணமாக வியர்த்தால் தண்ணீர்தான் அதிகம் போகும், இரத்தம் செறிவாகும், மூளை தண்ணீர் கேட்கும். இங்கே உப்பும் சேர்ந்தே போவதால் செறிவு ஏறுவதில்லை, உடம்பு வற்றுவது வெளியே சீக்கிரம் தெரிவதும் இல்லை. அந்த நிலையில் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் மிச்சமிருக்கிற சோடியமும் நீர்த்துப்போகும், தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகும், மூளை வீங்கி வலிப்பு வரலாம்.

நுரையீரலில் திசைதான் வேறு. அங்கே குளோரைட் சுவாசக்குழாயின் உட்பரப்புக்கு வெளியே வர வேண்டும், அதன் பின்னால்தான் தண்ணீர் வரும். வராவிட்டால் சளி காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் குழந்தைக்கு சேலைனும் பொட்டாசியம் குளோரைட்டும் ஏற்றினோம், இரண்டாம் நாள் பால் குடித்தது. தேறியபிறகுதான் வியர்வைப் பரிசோதனை. வியர்வையில் குளோரைட் லீட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் பெரும்பாலும் உறுதி, 30 முதல் 59 வரை சந்தேகம்.

கரிக்கிற பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் என்று பயப்படவும் வேண்டாம். வெயிலில் வேகமாக வியர்த்தால் உப்பைத் திரும்ப எடுக்க நேரம் போதாது, யாருக்கும் கரிக்கும். கரிப்போடு எடை ஏறாமை, எண்ணெய்ப் பசையான நாற்ற மலம், விடாத இருமல், காரணமில்லாத சோர்வு இருந்தால் காட்டுங்கள். நோய் தெரிந்த பிள்ளைக்கு வெக்கைக் காலத்தில் எவ்வளவு கூடுதல் உப்பு வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள், தயவுசெய்து.