மெரிங் நீர் விட்டால், எங்கே விட்டது என்று பாருங்கள்

முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரையாக அடித்து ஓவனில் காயவைப்பதுதான் மெரிங். பேக்கிங் வகுப்பில் யாராவது "மெரிங் நீர் விட்டுடுச்சு" என்று வந்தால், எங்கே, எப்போது என்றுதான் முதலில் கேட்பேன். கிண்ணத்தில் நுரைக்கு அடியிலா, ஓவனில் இருக்கும்போதே மேலே தேன் நிறத் துளிகளாகவா, வெளியே எடுத்த பிறகு பிசுபிசுப்பாகவா? மூன்றுக்கும் காரணம் வேறு.

அதிகம் பார்ப்பது தேன் நிறத் துளி. பெரும்பாலும் சர்க்கரை சரியாகக் கரையாததுதான் காரணம். 3 முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 90 கிராம் இருக்கும். அதற்கு 180 கிராம் சர்க்கரை. இவ்வளவும் வெள்ளைக்கருவில் இருக்கும் தண்ணீரில்தான் கரைந்தாக வேண்டும். கரைந்தால் அது பாகாகி, குமிழிகளின் சுவரைக் கெட்டியாக்கி, தண்ணீர் சட்டென்று வடியாமல் பிடித்துக்கொள்ளும். மொத்தமாகக் கொட்டினால் நுரை பாரம் தாங்காமல் அமுங்கும், துகள்களும் அப்படியே நிற்கும். ஓவன் சூட்டில் அவை பக்கத்து ஈரத்தை இழுத்துப் பாகாகி, வெளியே கசியும். ஓவன் சூடு அதிகமானாலும் இதே துளி வரும்: புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும்.

அதனால் நுரையின் முனை லேசாக வளைந்து நிற்கும் பதம் வந்ததும், மிக்ஸியில் ஒரு சுற்று விட்ட சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள். முந்தைய ஸ்பூன் கலந்த பிறகே அடுத்தது. கடைசியில் கொஞ்சம் எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் இன்னும் அடிக்க வேண்டும். கடிகாரத்தைவிட விரலை நம்பலாம்.

கிண்ணத்திலேயே தண்ணீர் தேங்கினால், நுரை அடிக்கும் பீட்டரின் வேகத்தைக் கவனியுங்கள். எடுத்தவுடன் முழு வேகம் வைத்தால் பெரிய, ஒழுங்கற்ற குமிழிகள் வரும். அவை சீக்கிரம் உடையும். முதலில் குறைந்த வேகம், சோப்பு நுரை மாதிரி ஆனதும் நடு வேகம். நேரம் கூடும், ஆனால் குமிழிகள் சிறிதாக, ஒரே அளவில் அமையும். அளவுக்கு மீறி அடித்தால் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடும். பளபளப்பு போய், பஞ்சு பிய்ந்தது போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்த எல்லையைத் தாண்டியாயிற்று. சர்க்கரை சேர்ப்பதற்கு முன்புதான் இது சுலபமாக நடக்கும். சர்க்கரை சேர்ந்தபின் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

சரி, நன்றாக வெந்த மெரிங் பிறகு ஏன் பிசுபிசுக்கிறது? சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழை நாளில் மேசைமேல் ஆறவைத்தால் மொறுமொறுப்பு சீக்கிரமே போய்விடும். 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் காயவிட்டு, ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். முழுதாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள்.

பிசுபிசுத்ததை அதே சூட்டில் இன்னொரு 20 நிமிடம் வைத்து உலர்த்தி மீட்கலாம். தேன் துளி கசிந்ததை அப்படிச் சரிசெய்ய முடியாது. நொறுக்கி கிரீமோடு கலந்து சாப்பிடலாம், ருசிக்கு ஒன்றும் குறையில்லை.