கேபிளை உரிக்காமல் எடை போடாதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே கதை. ஒரு நூற்பாலைக்காரர் 70 ஸ்கொயர் எம்எம் மூன்றரை கோர் அலுமினிய கேபிள் ஒரு டிரம் வாங்கியிருந்தார். ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்தாராம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வந்ததாம். "நல்ல வெயிட்டா இருக்கு சார், ஏன் சூடாகுது?" என்கிறார்.

ஐயா, நீங்கள் எடை போட்டது இரும்பு ஆர்மரையும் பிளாஸ்டிக்கையும்! கரண்ட் அலுமினியத்தில்தான் போகிறது. ஆர்மரும் உறையும் கனமாக இருந்துவிட்டால், உள்ளே உலோகத்தைக் குறைத்தாலும் கை தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்காது. மொத்த எடையை 2.7-ஆல் வகுத்து 'ஸ்கொயர் எம்எம் தாராளமாகவே வருகிறது' என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன்.

கணக்கு இவ்வளவுதான். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பி ஒரு கிலோமீட்டர் நீளம் இருந்தால் அதன் கனஅளவு சரியாக ஒரு லிட்டர். அலுமினியம் லிட்டருக்கு 2.7 கிலோ. ஆக, ஸ்கொயர் எம்எம்மை 2.7-ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 70 என்றால் 189 கிலோ. மீட்டருக்கு 189 கிராம். (செம்பு என்றால் 8.9. இரண்டையும் குழப்புகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள்.)

அந்தத் துண்டை உரித்தோம். பெரிய கோர் மூன்றும் தலா 150 கிராம்தான். 2.7-ஆல் வகுத்தால் 55 ஸ்கொயர் எம்எம் சொச்சம். கணக்குப்படி 94 கிராம் வரவேண்டிய 35 ஸ்கொயர் நியூட்ரல் 75 கிராம்.

ஆனால் 189-க்கு நாலு கிராம் குறைந்ததும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். 70 என்பது பெயரளவுதான். தரநிலை பார்ப்பது மின்தடையை: 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.443 ஓமைத் தாண்டக்கூடாது. 64 சதுர மில்லிமீட்டர் நல்ல அலுமினியமே அந்த வரம்புக்குள் வந்துவிடும், அதன் எடை ஏறத்தாழ 172 கிராம். கம்பிகள் முறுக்கி இருப்பதால் இன்னும் ஓரிரு சதவீதம் கூடும். ஆகவே 175-க்குக் கீழே வந்தால் சந்தேகப்படுங்கள். 150 கிராமுக்கு மின்தடை 0.51 ஓமைத் தாண்டிவிடும். அதே கரண்டில் அனுமதித்ததைவிடச் சூடும் 15 சதவீதம் அதிகம். கேபிள் சுடாமல் என்ன செய்யும்?

எடை போடும்போது ஹேக்சாவால் இரண்டு முனையையும் நேராக வெட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கணக்கில் ஒரு சதவீதம் போச்சு. உறையை முழுக்க உரித்து, கோர் கோராகத் தனித்தனியே, கிராம் காட்டும் தராசில் வையுங்கள். கோரின் விட்டத்தை வெர்னியரில் அளந்து பரப்பு கண்டுபிடிக்கிற வேலை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கம்பிகளுக்கு நடுவே உள்ள காற்றையும் அலுமினியமாக எண்ணிவிடுவீர்கள்.

இன்னொன்று: எடை சரியாக இருந்தும் கேபிள் சுடலாம். உருக்கிய பழைய சரக்கில் செய்த அழுக்கு அலுமினியமும் ஏறக்குறைய அதே 2.7-தான், மின்தடை மட்டும் கூடுதல். அதைத் தராசு காட்டாது. டிரம்மை இறக்கியதுமே, பேனலில் லக் அடிப்பதற்கு முன்பே, மைக்ரோ ஓம் மீட்டர் வைத்திருப்பவரை ஒருமுறை கூப்பிட்டுவிடுங்கள்.