முதலில் நட்டத்தை எழுதுங்கள், அப்புறம் லாட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 14 பேர் சேர்ந்து ஒரு பங்கு முதலீட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர், இரண்டு ஆசிரியைகள், பள்ளி வேன் ஓட்டும் தம்பி என்று பலவகைப்பட்டவர்கள். பணத்தை ஒருவர் கையில் சேர்ப்பதில்லை, பங்குகளை வைத்திருக்கும் அவரவர் சிடிஎஸ் கணக்கில் அவரவர் வாங்குகிறார்கள். போன மாதம் அங்கே நான் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

ஐயாமார்களே, அம்மாமார்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரெமிசியர், உங்களுக்காகப் பங்கு வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகு முகவர். நீங்கள் வாங்கினாலும் விற்றாலும் எனக்குத் தரகு உண்டு. அதனால் "விற்றுவிடுங்கள்" என்று நான் சொல்லும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

2020-இல் கையுறைப் பங்குகள் ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் வாடிக்கையாளர் ஒருவர் 8 வெள்ளிக்கு 10 லாட், அதாவது 1,000 பங்கு வாங்கினார். 7.36-க்கு வந்தபோது விற்றிருந்தால் 640 வெள்ளி போயிருக்கும். "அசல் வந்ததும் விற்றுவிடுகிறேன்" என்றார். 6 வெள்ளிக்கு இறங்கியதும் இன்னும் 10 லாட் வாங்கினார், சராசரி விலை 7 வெள்ளி ஆயிற்று. அதைச் சாமர்த்தியம் என்றே நினைத்தார். நானும் தடுக்கவில்லை, அது என் தப்பு. இரண்டு வருடத்தில் அந்த கவுண்டர் 1 வெள்ளிக்கும் கீழே போனது. 14,000 வெள்ளி போட்ட இடத்தில் 2,000 கூட மிஞ்சவில்லை. கூடத்தில் கூட்டம் போட்டு நாம் விதி எழுதுவது இதற்காகத்தான். விலை இறங்கும் நேரத்தில் யாருக்கும் புத்தி நிதானமாக இருக்காது. எனக்கும் இருக்காது.

அடிப்படை விதி இரண்டே இரண்டுதான். வாங்கிய விலைக்கு 8 விழுக்காடு கீழே ஸ்டாப் லாஸ், அதாவது நட்டத்தோடு விற்று வெளியேறும் எல்லை. ஒரு வாங்கலில் அந்த ஸ்டாப் அடிபட்டால் மொத்த முதலில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. எத்தனை லாட் வாங்கலாம் என்பது இந்த இரண்டிலிருந்தும் தானாக வந்துவிடும்.

கிராணி ஐயாவின் முதல் 12,000 வெள்ளி என்று வைப்போம். 1 விழுக்காடு 120 வெள்ளி. பங்கின் விலை 1.50, ஸ்டாப் 1.38. ஒரு பங்குக்கு 12 சென் போகலாம். 120 வெள்ளியை 12 சென்னால் வகுத்தால் 1,000 பங்கு, 10 லாட். ஆனால் தரகு, முத்திரை வரி, கிளியரிங் கட்டணம் எல்லாம் இருக்கிறது. போக வர 20 வெள்ளி என்று வையுங்கள். உங்கள் தரகருக்கு இது கூடலாம், குறையலாம். மீதி 100 வெள்ளியை 12 சென்னால் வகுத்தால் 833 பங்கு. எப்போதும் கீழேதான் முழுமைப்படுத்த வேண்டும், ஆக 8 லாட். 40,000 வெள்ளி வைத்திருப்பவருக்கும் ஸ்டாப் அதே 1.38-தான், லாட் மட்டும் 30-க்கு மேல் வரும். ஒரே பங்கைப் பேசி ஒரே நாளில் வாங்கினாலும் ஆளுக்கு ஆள் அளவு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் 30 லாட் வாங்கினார் என்று நீங்களும் 30 லாட் வாங்கினால் ஸ்டாப் இருந்தும் பயனில்லை.

வேன் தம்பியிடம் 3,000 வெள்ளிதான் இருக்கிறது. அவருக்கு 1 விழுக்காடு 30 வெள்ளி, அதில் 20 கட்டணத்துக்கே போய்விடும். தம்பி, வருத்தப்படாதே, இந்த முறை உன் தொகைக்கு இன்னும் பொருந்தவில்லை. கொஞ்ச காலம் நோட்டில் மட்டும் வாங்கி விற்றுப் பழகு, பணம் சேரட்டும்.

ஏன் 1 விழுக்காடு, 10 ஏன் கூடாது? தொடர்ந்து பத்து தடவை தப்பாகப் போவது நடக்காத சங்கதி இல்லை, ஒரு மோசமான காலாண்டில் நடந்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் மீதியில் 1 விழுக்காடு போனால் 12,000 வெள்ளியில் 10,850 மிஞ்சும். 10 விழுக்காடு போனால் 4,180. பழைய இடத்துக்கு வர முதலாமவருக்குச் சுமார் 11 விழுக்காடு லாபம் போதும். இரண்டாமவர் பணத்தை மூன்று மடங்குக்குக் கிட்டத்தில் ஆக்க வேண்டும்.

இனி, இந்த விதி எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாப் என்பது உத்தரவாதம் கிடையாது. மாலையில் மோசமான காலாண்டு அறிக்கை வந்தால் மறுநாள் காலை 9 மணிக்கு விலை நம்முடைய 1.38-ஐத் தொடாமலே 1.20-இல் திறக்கலாம். 1 வெள்ளிக்கு மேற்பட்ட பங்கு ஒரே நாளில் 30 விழுக்காடு வரை விழ நம் பங்குச் சந்தையான பூர்சாவில் இடமுண்டு. அன்று ஸ்டாப் காப்பாற்றாது, அளவுதான் காப்பாற்றும். 8 லாட்டுக்கு 1,200 வெள்ளி போட்டிருக்கிறோம். 30 விழுக்காடு விழுந்தால் 360 வெள்ளி, மொத்த முதலில் 3 விழுக்காடு. வலிக்கும், தாங்கலாம். முதல் முழுவதையும் அதிலேயே போட்டிருந்தால் 3,600 போயிருக்கும்.

சில்லறைப் பங்குகளில் இன்னொரு சிக்கல். 1 வெள்ளிக்குக் கீழே விலை அரை சென் அரை சென்னாக நகரும். 6 சென் பங்கு ஒரு படி இறங்கினாலே 8 விழுக்காட்டைத் தாண்டிவிடும், ஸ்டாப் வைக்க இடமே இல்லை. அதனால் 50 சென்னுக்குக் கீழே வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

நம் ஊருக்கே உரிய ஒரு பலவீனமும் உண்டு. செம்பனையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், தோட்டக் கம்பெனிப் பங்கு என்றால் தெரிந்த முகம் மாதிரி. ஐந்து தோட்டக் கவுண்டரை வாங்கிவிட்டு "பிரித்துப் போட்டிருக்கிறேன்" என்கிறோம். செம்பனை எண்ணெய் விலை சரிந்தால் ஐந்தும் ஒரே வாரத்தில் ஸ்டாப்பைத் தொடும். அது ஐந்து தனித்தனி 1 விழுக்காடு ஆகாது, ஒரே 5 விழுக்காடு. ஆகவே ஒரே துறையில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உங்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 5 மணிக்குச் சந்தை மூடியபின் இறுதி விலையை மட்டும் பாருங்கள். ஸ்டாப்புக்குக் கீழே மூடியிருந்தால் மறுநாள் காலை சந்தை திறக்கும் முன்பே விற்கும் ஆர்டரைப் போட்டுவிடுங்கள். பகல் நேரத்துத் துள்ளலில் வீணாக விற்பது இதனால் குறையும். சில நாள் நினைத்ததைவிட ஓரிரு சென் குறைவாகத்தான் கிடைக்கும், அது இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை. விற்றபின் அதே பங்கு ஏறவும் செய்யும். திரும்ப வாங்கலாம், தடையில்லை. புதுக் கணக்கு, புது ஸ்டாப். ஸ்டாப்பை மேலே ஏற்றலாம், கீழே இறக்குவது மட்டும் கூடாது.

வாங்கும் முன் நோட்டில் விலை, ஸ்டாப், லாட், போகக்கூடிய வெள்ளி என்று நான்கையும் எழுதி, குழுவில் இன்னொருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மாதக் கூட்டத்தில் செயலாளர் அதைச் சத்தமாகப் படிப்பார். லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஸ்டாப்புக்குக் கீழே மூடியும் கையில் இருக்கிற பங்கு எது என்பதுதான் கேள்வி.

பேசி முடித்ததும் ஆசிரியை ஒருவர் எழுந்தார். "ஐயா, கீழே மூடினால் என்றீர்கள். சரியாக 1.38-இல் மூடினால்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. கூடத்தில் பத்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் கிராணி ஐயா பேனாவை எடுத்து விதியில் "1.38 ஆனாலும் விற்க வேண்டும்" என்று சேர்த்து எழுதி, 14 பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கினார்.