அப்பாவின் தாடிக்குத் தார் பூசாதீர்கள்

என் படக்கடைக்கு இப்படிக் கெட்டுப்போய் வந்த படத்தில் இந்த மாதம் இது நான்காவது. நேற்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கை வந்தார். அப்பாவின் பதினாறாம் நாளுக்குச் சட்டம் போட்ட படம் வேண்டும். “தாடி ரொம்ப வெள்ளையா இருந்துச்சுண்ணே, தம்பி போன்லயே கறுப்பாக்கிட்டான்” என்றார். பார்த்தேன். மீசை இருந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியதுபோல் ஒரு பட்டை. ஒரு முடிகூடத் தனியாகத் தெரியவில்லை.

கறுப்புத் தாடி கறுப்பு நிறமல்ல என்பதை எத்தனை தரம் சொல்வது? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முடியிலும் வெளிச்சம் விழும் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று. முடிகளுக்கு நடுவே தோல் எட்டிப் பார்க்கும். இந்த வித்தியாசத்தைத்தான் நம் கண் முடி என்கிறது. ஃபோட்டோஷாப்பில் Normal முறையில் கறுப்புத் தூரிகையால் தடவினால் எல்லாம் ஒரே அளவு இருட்டாகி, அந்த வித்தியாசமே செத்துப்போகும். “லேசாகத்தான் பூசினேன்” என்பார்கள். லேசாகப் பூசினாலும் சாயம் சாயம்தான், முடிமேல் சாம்பல் புகை படிந்ததுபோல் ஆகிவிடும்.

நல்ல வேளையாக அசல் படம் அந்தத் தங்கையின் அத்தையிடம் இருந்தது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்ற கணக்கில், அதில் நரைமுடி 220 அளவு, இடையிலிருந்த நிழல் 30. வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் Curves அடுக்கு போட்டு, அதிலுள்ள கோட்டின் வலது மேல் முனையை 255இலிருந்து 110க்கு நேராக இறக்கினேன். 220 என்பது 95 ஆனது, 30 என்பது 13 ஆனது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்ததால் முடி முடியாகவே நின்றது. அப்படியே விட்டால் நீலம் பாய்ந்த சாம்பலாகத் தெரியும் என்பதால், சிவப்பை மட்டும் துளி ஏற்றினேன்.

ஆனால் தோலும் சேர்ந்து இருளும். இங்கே நம் நிறம் கைகொடுக்கும். மாநிறத் தோல் நரையைவிட இருட்டு. அடியிலுள்ள படத்தின் வெளிச்சத்தைப் பார்த்து அடுக்கை மறைக்கும் Blend Ifஇல் Underlying Layerஇன் கறுப்பு முக்கோணத்தை Alt அழுத்திப் பிளந்து 130, 170 என்று வைத்தேன், தோல் விலகிக்கொண்டது; முடியிடை நிழலும் பழைய 30க்கே திரும்பியது, ஆனாலும் 95 ஆன முடிக்குப் பக்கத்தில் அது இன்னும் இருட்டுத்தான். கன்னத்து எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் மாட்டும். அதனால் அடுக்கு எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் முகமூடியை Ctrl+I கொடுத்து மூடிவிட்டு, வெள்ளைத் தூரிகையை Flow 10% வைத்து, முடி வளரும் திசையிலேயே தாடியை மட்டும் திறந்தேன். ஓரத்தைக் கத்தரித்ததுபோல் விடாதீர்கள், அங்கேதான் ஒட்டுத்தாடி காட்டிக்கொடுக்கும்.

மோவாயில் கொஞ்சம் நரையை விட்டுவைத்தேன். நெற்றியில் எழுபது வயதுச் சுருக்கம், கீழே இருபது வயதுத் தாடி என்றால் யார் நம்புவார்கள்? 100% அளவில் பார்த்துவிட்டு ஒரு சிறு பிரதி அச்சடித்தும் பார்த்தேன். காகிதத்தில் இருட்டு இன்னும் அடைத்துக்கொள்ளும்.

கறுப்பை நரையாக்கவும் இதே வழிதான், கோடு மேலே போகும். ஆனால் இருட்டில் விவரமே இல்லாத தாடியை உயர்த்தினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் வரும். அதுபோல வெயிலில் எடுத்து முழுக்க 255 ஆகிப்போன நரையைக் கறுப்பாக்கினாலும் தட்டையான சாம்பல்தான் கிடைக்கும். இல்லாத முடியை என்னாலும் கொண்டுவர முடியாது, ஒவ்வொன்றாக வரைய வேண்டியதுதான். அதற்குக் காசு அதிகம், முகம் சுளிக்காதீர்கள்.

தயவுசெய்து அசலை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுங்கி வரும், ஆவணமாக அனுப்புங்கள். போனில் கைவைக்கும் முன்னால் ஒரு தடவை கடைக்கு எடுத்து வாருங்கள்.