ரெஸ்யூமேயில் "காப்புரிமை – 2" என்று எழுதினால் போதுமா?

தொழிற்சாலை ஆர் அண்ட் டி வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களில் "காப்புரிமை – 2" என்ற ஒற்றை வரியை அடிக்கடி பார்க்கலாம். அந்த இரண்டும் தாக்கல் செய்தவையா, வெளியானவையா, வழங்கப்பட்டவையா? இந்தியாவில் விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் கழித்து காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் சீக்கிரமே வெளியாகிவிடும். வெளியாவதற்கு யாரும் கண்டுபிடிப்பைச் சோதிப்பதில்லை. அந்த அலுவலகத்தின் பரிசோதகர் எழுப்பும் ஆட்சேபங்களைக் கடந்தால்தான் காப்புரிமை கிடைக்கும். வெளியானதை "வாங்கினேன்" என்று எழுதுபவர்கள் இங்குதான் மாட்டிக்கொள்கிறார்கள். வடிவமைப்புப் பதிவையும் காப்புரிமைக் கணக்கில் சேர்ப்பது இன்னும் மோசம். அது பொருளின் தோற்றத்துக்கு மட்டுமே தரப்படுவது.

விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால், காப்புரிமை அலுவலகத்தின் InPASS தேடல் தளத்தில் எவரும் நிலையைப் பார்த்துவிடலாம். எண் 202241 என்று தொடங்கினால், 2022-இல் சென்னை அலுவலகத்தில் போட்ட சாதாரண விண்ணப்பம் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

துருத் தடுப்புப் பூச்சில் வேலை செய்த ஒருவர் இப்படி எழுதலாம்: "நீர்சார் எபாக்ஸி பூச்சு. விண்ணப்ப எண் 202241XXXXXX, தாக்கல் ஜூன் 2022, வெளியீடு டிசம்பர் 2023, பரிசீலனையில். கண்டுபிடிப்பாளர்கள் மூவரில் ஒருவர். என் பங்கு: ரெசின், ஹார்டனர் விகிதத்தைத் தீர்மானித்தல், உப்புத் தெளிப்புச் சோதனை." எக்ஸ் குறிகள் இருக்கும் இடத்தில் மீதி ஆறு இலக்கங்கள் வரும். உங்கள் பங்கைச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நேர்காணல் செய்பவர் பிடித்துக்கொள்வார். உப்புத் தெளிப்பில் பூச்சு 500 மணி நேரம் தாங்கியது என்றால், எத்தனை பேனல், கீறல் போட்டீர்களா, கீறலிலிருந்து துரு எவ்வளவு பரவியது என்று தொடருவார்.

பதில் இருக்குமிடம் லேப் ரெக்கார்டு. நோட்டு உங்களுடையது அல்ல, நிறுவனத்தின் சொத்து. அதைப் படமெடுத்து இணைத்தால் வேலை போவதோடு நிற்காது. உங்களால் சொல்லக்கூடியது பேட்ச் அளவு, எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள், எது சொதப்பியது என்பது போன்றவை. அதையும் ரகசிய ஒப்பந்தம் விடும் அளவுக்கு மட்டும். "200 கிராம் பேட்சில் சரியாக வந்தது, 5 கிலோவில் சூடு வெளியேறாமல் ஜெல் ஆகிவிட்டது" என்று ஒரு வரி இருந்தாலே, ரியாக்டர் பக்கம் நின்றவர் என்று புரிந்துவிடும்.

தேதிகளையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். வேலையில் சேர்ந்தது ஆகஸ்ட் 2022, தாக்கல் ஜூன் 2022 என்றால், கண்டுபிடிப்பில் உங்களுக்கு என்ன பங்கு என்று கேள்வி வரும். ஆய்வுக் கட்டுரை தாக்கலுக்கு முன்பே வெளியாகியிருந்தால், புதுமை போய்விடவில்லையா என்று கேட்பார்கள். கட்டுரைகளுக்கு DOI போதும். ஆசிரியர் வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னும் வெளியாகாத விண்ணப்பமா? துறையையும் தாக்கல் ஆண்டையும் மட்டும் எழுதுங்கள். விகிதம், சேர்மானம் எதையும் ரெஸ்யூமேயில் வைக்காதீர்கள்; அது எத்தனை கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.