ஒளிநிமிடம், ஒளியாண்டு: சொல் விளக்கம்

ஒளிநிமிடம் என்பது வெற்றிடத்தில் ஒளி ஒரு நிமிடத்தில் கடக்கும் தொலைவு. ஒளியாண்டு என்பது ஓர் ஆண்டில் அது கடக்கும் தொலைவு. இரண்டு சொற்களும் காலப்பெயரில் முடிந்தாலும் இரண்டும் நீள அளவுகளே. "அந்த விண்மீன் நான்கு ஒளியாண்டுகளுக்கு முன் வெடித்தது" என்று எழுதுவது, "நான்கு கிலோமீட்டருக்கு முன் வெடித்தது" என்று எழுதுவதற்கு ஒப்பான பிழை. ஐயம் வந்தால், அச்சொல்லின் இடத்தில் கிலோமீட்டரை வைத்துப் படித்துப் பார்க்கலாம். பொருள் கெட்டால் அங்கே வரவேண்டியது வெறும் "ஆண்டு" மட்டுமே.

ஒளியாண்டு என்பதில் "ஒளி"யும் "ஆண்டு"ம் யகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்துள்ளன. ஆண்டு என்பதன் பழைய வடிவம் யாண்டு. யானை ஆனையாகவும் யாறு ஆறாகவும் திரிந்ததைப் போலவே இதுவும் முதலெழுத்தின் யகரத்தை இழந்தது. நிமிடம் அவ்வாறன்று. கண்ணிமைப்பு என்று பொருள்படும் வடசொல் நிமிஷம், வருஷம் வருடமானதைப் போல நிமிடமாயிற்று. தனித்தமிழில் அதற்கு மணித்துளி என்பர். ஆயினும் "ஒளிமணித்துளி" வழக்கில் ஊன்றவில்லை என்பதால் ஒளிநிமிடம் என்றே எழுதுவது நன்று என்பது என் கருத்து. விநாடிக்குரிய நொடியோ விரல் நொடித்தலிலிருந்து வந்த நம் சொல். மாத்திரையின் அளவைச் சொல்லும் தொல்காப்பியம் கண்ணிமையையும் நொடியையும் அருகருகே வைக்கிறது. எனவே ஒளிநொடி எவ்விதத் தடையுமின்றி வழங்கத்தக்கது.

சூரியன் எத்தனை ஒளிநிமிடத் தொலைவில் உள்ளது என்பதைக் கணக்கிடுவது எளிது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவாகிய வானியல் அலகு ஏறத்தாழ 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர். ஒளி நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர் செல்கிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 499 நொடி, அதாவது 8 நிமிடம் 19 நொடி கிடைக்கிறது. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதால் இவ்வெண் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது: பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் ஜனவரித் தொடக்கத்தில் 8 நிமிடம் 11 நொடியாகவும், மிகத் தொலைவில் இருக்கும் ஜூலைத் தொடக்கத்தில் 8 நிமிடம் 27 நொடியாகவும் அமைகிறது. இது சூரியனின் மேற்பரப்பை விட்டுக் கிளம்பிய பின்னான பயணத்துக்கு மட்டுமே உரிய கணக்கு. உட்கருவில் பிறந்த ஆற்றல் அடர்ந்த பொருளில் மோதி மோதி மேற்பரப்பை அடைய எடுத்துக்கொள்ளும் பல்லாயிரம் ஆண்டுகள் இதில் சேரா.

இப்பயணத்துக்கு நேரம் ஆகிறது என்பதே ஒரு காலத்தில் ஐயத்துக்குரியதாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ரோமர், பாரிஸ் வான்காணகத்தில் பணியாற்றியபோது, வியாழனின் துணைக்கோளான அயோ அக்கோளின் நிழலில் மறைந்து வெளிப்படும் நேரங்களைக் கவனித்தார். ஏறத்தாழ 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் நிகழவேண்டிய அந்நிகழ்வுகள், பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் சிறிது சிறிதாகப் பிந்தின. நெருங்கி வரும் மாதங்களில் முந்தின. அயோவின் ஓட்டம் மாறவில்லை, செய்தி கொண்டுவரும் ஒளிக்கே வழி நீண்டுவிட்டது என்பது 1676இல் அவர் கண்ட முடிவு. பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார். உண்மையில் ஏறத்தாழ 16 நிமிடம் 38 நொடிதான். பிழை இருந்தாலும், அவர் விடையை நிமிடத்தில்தான் சொன்னார் என்பது நம் சொல்லுக்கு முக்கியமானது: அளவுகோலின் பெயர் பிறக்கும் முன்பே அளக்கும் முறை பிறந்துவிட்டது.

பெயர் பிறக்க விண்மீன்களின் தொலைவு தெரியவேண்டியிருந்தது. 1838இல் ஜெர்மன் வானியலாளர் பெசல், அன்னம் விண்மீன் குழுவிலுள்ள 61 எனும் விண்மீனின் தொலைவை அளந்து, அதன் ஒளி வந்துசேர 10.3 ஆண்டுகள் ஆகும் என்று குறித்தார். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 11.4. 1851இல் ஓட்டோ ஊலே எழுதிய ஜெர்மன் கட்டுரையில் ஒளியாண்டு எனப் பொருள்படும் கூட்டுச்சொல் காணப்படுகிறது. தமிழ்ச் சொல்லும் அதே அமைப்பில் ஆக்கப்பட்டதே. ஓர் ஒளியாண்டு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இதில் ஆண்டு என்பது 365.25 நாள்.

நிலவு 1.3 ஒளிநொடி, நெப்டியூன் ஏறத்தாழ 4 ஒளிமணி, பிராக்சிமா செந்தாரி விண்மீன் 4.24 ஒளியாண்டு என்று சொல்லும்போது, எண்ணை அப்படியே பயண நேரமாகவும் படித்துக்கொள்ளலாம். மிகத் தொலைவான விண்மீன் திரள்களுக்கு இது பொருந்தாது. ஒளி வந்துகொண்டிருக்கும்போதே வெளி விரிவடைவதால், ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி கிளம்பிய இடம் இன்று சுமார் 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே "ஒளிப்பயண நேரம்" என்பதையும் "தொலைவு" என்பதையும் வெவ்வேறு சொற்களாகவே எழுதவேண்டும்.